கைக்கடிகாரம் 46 என்றால் நம்பலாமா?

மதுரை வாசகர், 45 வயது: உடலால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று காட்டும் VO2 Max, பிப்ரவரியில் 51 என்றது என் கடிகாரம். மே மாதம் 46 என்கிறது. ஓட்டத்தை ஒரு வாரம்கூட விடவில்லை. உடல் தளர்ந்துவிட்டதா?

தளர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. வெயில்தான் காரணமாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் முகமூடி மாட்டி மூச்சை அளப்பார்கள். கடிகாரத்துக்குத் தெரிந்ததோ உங்கள் வேகமும் இதயத் துடிப்பும் மட்டுமே. மீதியெல்லாம் ஊகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடிகாரத்தின் உள்கணக்கு வேறு. நான் எடுத்துக்கொள்வது எல்லோரும் பயன்படுத்தும் பொதுச் சூத்திரம். சமதளத்தில் கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில் ஓட, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 37 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். உங்கள் ஓய்வுத் துடிப்பு 60, உச்சத் துடிப்பு 188 என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த காலையில் அந்த வேகத்தில் 150 துடித்தால், 60-க்கும் 188-க்கும் இடைப்பட்ட கையிருப்பில் இதயம் 70 சதவீதம் செலவிடுகிறது. 37-இல் ஓய்வுக்கே செலவாகும் 3.5-ஐக் கழித்து, மீதியை முழுமைக்கு நீட்டி, அந்த 3.5-ஐ மறுபடி கூட்டினால் 51 வரும். மே மாதத்தில் அதே வேகத்துக்கு 160 துடிக்கிறது. செலவு 78 சதவீதம், விடை 46.

தசைகளின் ஆக்சிஜன் தேவை அநேகமாக மாறவில்லை. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கும் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, அதை ஈடுகட்டத்தான் இதயம் விரைகிறது. கடிகாரம் இதைத் திறன் குறைவு என்று படித்துவிடுகிறது. கார்மினின் சில மாடல்கள் 22 டிகிரிக்கு மேல் வெப்பத்துக்குத் திருத்தம் செய்கின்றன. அதற்குக் கைப்பேசியிலிருந்து வானிலைத் தகவல் வந்திருக்க வேண்டும்.

கோவை வாசகர்: 45 வயதுக்காரருக்கு 188 எப்படி வரும்? 220-லிருந்து வயதைக் கழித்தால் 175. அதுதான் சரி.

சராசரிக்குச் சரி, ஆளுக்குச் சரியல்ல. ஒரே வயதினரிடையே உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு கூடவும் குறையவும் இருப்பது சாதாரணம். மேலே உள்ள கணக்கில் 188-க்குப் பதில் 175 போட்டுப் பாருங்கள்: குளிர்ந்த காலையிலும் 46தான் வரும். வெயில் செய்த வேலையை, கடிகாரத்தில் தவறாகப் பதிந்த உச்சத் துடிப்பும் அப்படியே செய்துவிடுகிறது!

உண்மையான உச்சத்தை அறிய, நன்றாக உடலைச் சூடேற்றிவிட்டு, மேட்டில் மூன்று நிமிடம் வீதம் மூன்று முறை ஏறி, கடைசி முறை முழு மூச்சாக ஓட வேண்டும். துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை அவசியம். நெஞ்சு வலியோ இதய நோயோ இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

திருச்சி வாசகர்: என்னுடையது எப்போதும் 97, 98 காட்டுகிறது. 46 என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாமா?

நீங்கள் பார்ப்பது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பது. இங்கே பேசுவது உடலால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது. மதுரைக்காரர் நலமாக இருக்கிறார்.

சென்னை வாசகி: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் Training Effect 4.4, 4.6 வருகிறது. மெதுவாக ஓடினால் 2.3தான். மெதுவான ஓட்டம் வீணா?

இது பரீட்சை மதிப்பெண் அல்ல. அன்றைய ஓட்டம் உடலை எவ்வளவு உலுக்கியது என்று துடிப்பை வைத்துப் போடும் மதிப்பீடு. 2-லிருந்து 3 வரை இருக்கும் திறனைக் காக்கும், 3-க்கு மேல் உயர்த்தும், 5 அளவு மீறியது. நிதானமான 90 நிமிட ஓட்டம் 2.3 வாங்கலாம், கால்களுக்கு அது தரும் உறுதி அந்த எண்ணில் ஏறாது. தசைநார் படும் பாடும் ஏறாது.

என்னை உறுத்துவது உங்கள் 4.6தான். அந்த ஓட்டத்தில் முழு வாக்கியமாகப் பேச முடிந்ததா? முடிந்தது என்றால் எண் பொய். உச்சத் துடிப்பு குறைவாகப் பதிவாகியிருந்தால் எல்லா ஓட்டமும் கடினமாகவே தெரியும். இன்னொன்று, மணிக்கட்டு உணரி சில சமயம் துடிப்புக்குப் பதில் காலடியை எண்ணிவிடும். வரைபடத்தில் துடிப்பு தொடக்கத்திலேயே 170-க்குத் தாவி உங்கள் அடி எண்ணிக்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான்.

தஞ்சாவூர் வாசகர், 58 வயது: ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் தொடங்கிய பின் VO2 Max 36-லிருந்து 41 ஆகிவிட்டது. மாத்திரை பலம் தருகிறது போலும்!

ஐயா, மாத்திரை இதயத்தை மெதுவாக்குகிறது. கடிகாரம் அதைப் பலம் என்று எடுத்துக்கொள்கிறது. உச்சத் துடிப்பும் குறைந்திருக்கும், ஆகவே பழைய அமைப்பு செல்லாது. மாத்திரையை விட்டுவிட்டுச் சோதித்துப் பார்க்காதீர்கள். ஒரே சுற்றுப் பாதையை எத்தனை நிமிடத்தில், எவ்வளவு மூச்சிரைப்போடு முடிக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள்.

மதுரை வாசகர் மறுபடியும்: மார்புப் பட்டையோடு விடியற்காலை 5 மணிக்கு ஒரு வாரம் ஓடினேன். 48 வந்தது. மீதி 3 எங்கே போயிற்று?

தெரியவில்லை. கார்மின் கடிகாரங்களின் உள்கணக்கை உருவாக்கிய ஃபின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம், உச்சத் துடிப்பு சரியாக இருந்தாலும் ஏறக்குறைய 5 சதவீதப் பிழை உண்டு என்றே சொல்கிறது. 51-க்கு அது இரண்டரை. மே மாத விடியலும் மதுரையில் குளிர் இல்லை. பிப்ரவரியில் ஓடியதும் இதே சாலைதானா, நடுவில் மேம்பாலம் ஏதும் உண்டா?