பென்சில் கோடும் வெள்ளைத் தாளும் – கடிதம்

அன்புள்ள சார்,

என் பாட்டியின் முகத்தைப் பென்சிலில் வரைந்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சிற்றிதழில் போடுகிறார்கள். தாள் தெரியாமல் ஓவியம் மட்டும் வரும்படி சுத்தம் செய்து அனுப்பச் சொன்னார்கள். ஸ்கேன் செய்தால் தாள் சாம்பல் நிறமாக வருகிறது. கிம்ப் மென்பொருளில் லெவல்ஸ் போட்டு வெள்ளையாக்கினால் கன்னத்தில் இருந்த நிழல் காணாமல் போகிறது. கோட்டைக் கொஞ்சம் கருப்பாக்கினாலோ பேனாவால் வரைந்தது மாதிரி முரடாகிவிடுகிறது. பென்சில் பென்சிலாகவே தெரிய என்ன வழி?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஸ்கேனர். ஸ்கேன் செய்யும் மென்பொருளில் கருப்பு வெள்ளை, டெக்ஸ்ட் என்று சில முறைகள் இருக்கும். அவை ஒவ்வொரு பிக்சலையும் முழுக் கருப்பு அல்லது முழு வெள்ளை என்று முடிவு செய்துவிடும். அதற்குப் பிறகு மென்மையை எங்கிருந்தும் திரும்பக் கொண்டுவர முடியாது. கிரேஸ்கேல் முறையில், அதே அளவில் அச்சிடுவதானால் 300 டிபிஐ, பெரிதாக்குவதானால் 600 வையுங்கள். தானாகத் திருத்தும் வசதி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். சாம்பலாக மங்கி வரும் ஸ்கேன்தான் நமக்கு நல்ல ஸ்கேன். கன்னத்து நிழல் அதில்தான் பத்திரமாக இருக்கிறது.

லேயரை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு `Colors > Levels` திறந்தால் ஒரு மலை வரைபடம் தெரியும். அதன் இடது முனை 0, அதாவது முழுக் கருப்பு; வலது முனை 255, முழு வெள்ளை. வலது பக்கம் உயரமாக நிற்பது தாள். அங்கிருந்து இடது பக்கம் தரையோடு தரையாக நீண்டு போகும் வால்தான் நீங்கள் பென்சிலால் போட்டதெல்லாம். படத்தில் பெரும்பகுதி வெற்றுத் தாள் என்பதால் மலை பெரிதாகவும் வால் மெலிதாகவும் இருக்கும். வால் 0 வரை போகாமல் 60 பக்கத்திலேயே நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். கிராபைட் பளபளக்கும் பொருள், 6பி பென்சிலால் அழுத்தித் தேய்த்தாலும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

உங்கள் ஸ்கேனில் மலை 218இல் தொடங்கி 230இல் உச்சம் தொட்டு 238இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மலைக்குக் கீழே மூன்று முக்கோணங்கள் இருக்கும். வலது முக்கோணத்தை 220க்குக் கொண்டுவாருங்கள். 220உம் அதற்கு மேலே உள்ளதும் 255 ஆகிவிடும், அதாவது தாள் ஏறக்குறைய முழுதும் வெள்ளை. பலரும் 200, 190 என்று தள்ளிக்கொண்டே போவார்கள். வெள்ளை எப்போதோ வந்துவிட்டது, அதற்கு மேல் தள்ளுவதெல்லாம் நிழலைத்தான் தின்கிறது. உங்கள் கன்னம் காணாமல் போனது இப்படித்தான் இருக்கும்.

வலது முக்கோணத்தை நகர்த்தியதும் கோடுகளும் சேர்ந்து வெளுக்கும். உடனே இடது முக்கோணத்தை இழுக்கத்தான் கை போகும். ஆனால் முரட்டுத்தனம் வருவது அங்கிருந்துதான். பென்சில் கோட்டின் ஓரம் ஒரே நிறமாக இருப்பதில்லை. நடுவில் கருத்து, ஓரத்தில் படிப்படியாக வெளுத்துத் தாளில் கரைகிறது. இடது முக்கோணத்தை 130க்கும் வலதை 190க்கும் கொண்டுவந்தால் இடையில் 60 அளவுதான் மிஞ்சும். அந்தப் படிகளில் பெரும்பாலானவை கருப்பிலோ வெள்ளையிலோ போய் ஒட்டிக்கொள்ளும். மீதியைப் பார்த்தால் பேனாக் கோடு. அதனால் இடது முக்கோணத்தை வால் முடியும் 60இலேயே நிறுத்துங்கள்.

கருமைக்கு நடு முக்கோணம் இருக்கிறது. அதன் எண் 1.00 என்று இருக்கும். வலது பக்கம் நகர்த்தினால் எண் குறையும், கோடுகள் கருக்கும், ஆனால் இரண்டு முனைகளும் அசையாது. 0.80 வைத்துப் பாருங்கள். 150 ஆக இருந்த ஒரு நடுத்தரக் கோடு, நடு முக்கோணத்தைத் தொடாவிட்டால் 143தான் ஆகியிருக்கும்; இப்போது 124க்கு இறங்கும். கன்னத்தில் 205 ஆக இருந்த மெல்லிய நிழல் 225 ஆகும். எண்ணாகப் பார்த்தால் வெளுத்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் முன்பு தாள் 230, நிழல் 205, வித்தியாசம் 25. இப்போது தாள் 255, நிழல் 225, வித்தியாசம் 30. நிழல் முன்பைவிடக் கொஞ்சம் தெளிவாகவே தெரியும். 0.60க்குக் கீழே போனால் மென்மையான தேய்ப்பெல்லாம் அழுக்கு மாதிரித் தெரியத் தொடங்கும். மூன்றையும் ஒரே தடவையில் வைத்து முடியுங்கள். பிடிக்காவிட்டால் பின்வாங்கி முதலிலிருந்து செய்யுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக லெவல்ஸ் போட்டால் இடையில் உள்ள சாம்பல்கள் உதிர்ந்து நிழல் பட்டை பட்டையாகிவிடும்.

220 சரியான இடமா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். லெவல்ஸ் போடுவதற்கு முன்பே `Colors > Threshold` திறந்து 220 கொடுங்கள். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கருப்பாகத் தெரியும். கன்னத்தின் தேய்ப்பு கருப்பில் வந்து, வெற்றுத் தாளில் அங்கங்கே சில புள்ளிகள் மட்டும் இருந்தால் சரி. பார்த்துவிட்டு `Cancel` கொடுங்கள், இது பார்ப்பதற்கு மட்டும்தான்.

இப்போது சிக்கலான இடம். எச் பென்சிலால் லேசாகத் தேய்த்த நிழல் 224, 226 என்று இருந்தால் அது தாளின் மலைக்குள்ளேயே கிடக்கிறது. லெவல்ஸுக்கு எண் மட்டும்தான் தெரியும், அது கன்னமா தாளா என்று தெரியாது. எந்த முக்கோணத்தை எப்படி நகர்த்தினாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. முகம் வரைந்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். அப்போது இரண்டு லேயர் வையுங்கள். கீழ் லேயரில் வலது முக்கோணம் 218, தாள் முழுக்க வெள்ளை. மேல் லேயரில் 236, முகத்தின் நிழலெல்லாம் அப்படியே. மேல் லேயருக்கு மாஸ்க் போட்டு, முகத்துக்கு வெளியே ஓரம் மென்மையான பெரிய தூரிகையால் கருப்பு அடித்தால் அங்கே கீழ் லேயரின் வெள்ளை தெரியும். முகத்துக்குள் தாளின் சொரசொரப்பு கொஞ்சம் மிஞ்சும். அது இருக்கட்டும், பென்சில் ஓவியத்துக்கு அது அழகுதான்.

நோட்டுப் புத்தகத்தில் வரைந்திருந்தால் தையல் பக்கம் ஒரு இருள் பட்டை விழும். இதற்குப் பிரதி லேயரை நன்றாக மங்கலாக்கி `Divide` முறையில் மேலே வைப்பது ஒரு வழி. கோடு மட்டும் உள்ள படத்துக்கு அருமையாக வேலை செய்யும். உங்கள் படத்துக்கு வேண்டாம். கன்னத்தின் பரந்த நிழலையும் அது தாளின் இருள் என்றே எடுத்துக்கொண்டு வெளுத்துவிடும். அந்தப் பட்டையை மட்டும் தேர்வு செய்து, தேர்வின் ஓரத்தை 150 பிக்சல் அளவுக்கு மென்மையாக்கி, அதற்கு மட்டும் ஒரு சின்ன லெவல்ஸ் போடுங்கள். அங்கே தாள் 205 என்றால் வலது முக்கோணம் 227. தாள் 230க்கு ஏறி மற்ற இடத்தோடு சேர்ந்துவிடும். பொது லெவல்ஸ் அதற்குப் பிறகுதான்.

கடைசியாக, இது அச்சுக்குப் போகிறது என்பதால் ஒன்று. 248 திரையில் வெள்ளையாகவே தெரியும். அச்சில் அது மெல்லிய புள்ளிகளாக விழலாம், படத்தைச் சுற்றி ஒரு சதுரமான அழுக்கு தெரியும். அதனால் வேலை முடிந்ததும், இரண்டு லேயர் வைத்திருந்தால் அவற்றை ஒன்றாக்கிவிட்டு, மறுபடி `Threshold` திறந்து 255 கொடுங்கள். முழு வெள்ளை இல்லாத ஒவ்வொரு புள்ளியும் கருப்பாகத் தெரியும்: ரப்பர் துகள், விரல் கறை, ஸ்கேனர் கண்ணாடித் தூசி எல்லாம். எங்கெங்கே என்று பார்த்துக்கொண்டு `Cancel` கொடுத்துவிட்டு, வெள்ளைத் தூரிகையால் அவற்றை அழியுங்கள். டிஃப் அல்லது பிஎன்ஜியாகச் சேமித்து அனுப்புங்கள். ஜேபெக் வேண்டாம், அழித்த வெள்ளையில் கோடுகளை ஒட்டி மறுபடியும் சாம்பல் தூசியைத் தூவிவிடும்.