பிரிட்டன் மூன்று பக்கம், நியூசிலாந்து மூன்று பக்கம்: ஒப்பீடு எங்கே?

கேள்வி: மேடம், ‘தேர்தல் முறை கட்சிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறதா? இரண்டு நாடுகளை ஒப்பிட்டு விவாதிக்க’ என்ற தலைப்பில் 1500 சொற்களில் கட்டுரை எழுதினேன். முதலில் பிரிட்டன், பிறகு நியூசிலாந்து, கடைசியில் முடிவுரை. ‘விவரணை அதிகம், வாதம் இல்லை’ என்று ஒரே வரி எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். எதை மாற்றுவது? பணம் கொடுத்தால் தயார் கட்டுரை கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

அன்புள்ள மாணவிக்கு,

வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் திரட்டிய தகவலில் பெரும்பகுதி அப்படியே பயன்படும், அடுக்கிய விதம்தான் தவறு. அந்த ஒற்றை வரிக் குறிப்பைப் பார்த்து எனக்கும் கோபம்தான் வருகிறது. வாதம் என்றால் என்ன, அது கட்டுரையில் எங்கே உட்காரவேண்டும் என்று வகுப்பில் ஒருநாளும் காட்டாமல், இல்லை என்று மட்டும் எழுதித் தருவது திருத்துவது ஆகாது.

மைய வாதத்திலிருந்து தொடங்குவோம். இந்தத் தலைப்புக்கு மாணவர்கள் வழக்கமாக எழுதும் முதல் வரி, ‘கட்சி அமைப்பை வடிவமைப்பதில் தேர்தல் முறை முக்கியப் பங்கு வகிக்கிறது’ என்பது. இதை யாராலும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத வரியை நிறுவவும் முடியாது, அதனால் கீழே எத்தனை தகவல் வந்தாலும் அது விவரணையாகவே நிற்கும். ஒரு வரி வாதமா இல்லையா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: எந்த எண் கிடைத்தால் என் வரி பொய்யாகும் என்று உங்களால் சொல்ல முடியவேண்டும். உங்கள் தலைப்புக்கு நான் பரிந்துரைக்கும் வரி இது: ‘தேர்தல் முறை புதிய கட்சிகளைப் பிறப்பிப்பதில்லை, சிறு கட்சிகளுக்கு ஏற்கெனவே விழும் வாக்குகள் நாடாளுமன்ற இடங்களாக மாறுமா என்பதையே அது தீர்மானிக்கிறது.’ நியூசிலாந்து 1990-களில் தன் தேர்தல் விதியை மாற்றியது. அதற்கு முன் அங்கே சிறு கட்சிகளுக்கு வாக்கே இல்லை என்று தெரிந்தால் இது பொய்யாகிவிடும். அதைத் தேடிப் பார்க்கலாம். அதனால் இது வாதம்.

அடுத்தது, இந்த இரண்டு நாடுகள் ஏன். ‘இவை இரண்டும் ஜனநாயக நாடுகள்’ என்பது காரணம் ஆகாது. நியூசிலாந்து பிரிட்டிஷ் பாணி நாடாளுமன்றத்தைக் கொண்ட நாடு. 1993 வரை இரண்டு நாடுகளிலும் விதி ஒன்றுதான்: தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் வெல்வார், மற்ற வாக்குகள் வீண். அந்த ஆண்டு நடந்த மக்கள் வாக்கெடுப்பின்படி நியூசிலாந்து விதியை மாற்றியது. 1996 முதல் அங்கே ஒருவருக்கு இரண்டு வாக்குகள், ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. 5 விழுக்காட்டுக் கட்சி வாக்கோ ஒரு தொகுதி வெற்றியோ இருந்தால், கட்சி வாக்கின் அளவுக்கு மொத்த இடங்கள் கிடைக்கும். பிரிட்டன் பொதுத்தேர்தலில் பழைய விதியை மாற்றவில்லை. ஆக, ஒத்த இரு நாடுகளில் ஒன்று மட்டும் விதியை மாற்றிக்கொண்டது. ஒப்பிடுவதற்கு இதைவிட வசதியான ஜோடி அரிது. பிரிட்டனையும் இத்தாலியையும் எடுப்பவர்கள் திணறுவது இதனால்தான். அவற்றுக்கிடையே வரலாறு, சமூகப் பிளவுகள் என எல்லாமே வேறுபடுவதால், வித்தியாசம் விதியால் வந்ததா மற்றவற்றால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி சான்று. ‘பிரிட்டன் பகுதி’, ‘நியூசிலாந்து பகுதி’ என்ற பிரிவுகளை எடுத்துவிடுங்கள். பத்திக்கு ஒரு கேள்வி வையுங்கள், அந்தப் பத்திக்குள்ளேயே இரு நாடுகளும் வரட்டும். எந்தப் பத்தியிலாவது ஒரு நாட்டின் பெயர் மட்டுமே இருந்தால் அது ஒப்பீடு செய்யவில்லை என்று அர்த்தம்.

முதல் பத்தியின் கேள்வி: பழைய விதியின் கீழ் சிறு கட்சிகளுக்கு வாக்கு இருந்ததா? பிரிட்டனில் 1983-இல் இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து வாங்கியது 70 விழுக்காடு வாக்கு, கிடைத்தது 650-இல் 606 இடங்கள். நியூசிலாந்தில் 1993-இலும் இரு பெரிய கட்சிகளுக்கு ஏறத்தாழ 70 விழுக்காடுதான், கிடைத்தது 99-இல் 95 இடங்கள். பத்துப் பேரில் மூவர் வேறு கட்சிகளுக்கு வாக்களித்தும், உள்ளே பார்த்தால் இரு கட்சி நாடாளுமன்றம். ‘பழைய விதி இருந்ததால் மக்களும் இரு கட்சிகளையே ஆதரித்தார்கள்’ என்ற வழக்கமான வரி இங்கே விழுந்துவிடுகிறது.

இரண்டாவது பத்தியின் கேள்வி: விதி மாறியதும் என்ன ஆனது? நியூசிலாந்தில் 1996-இல் இரு பெரிய கட்சிகளின் வாக்கு 62 விழுக்காடு, இடங்கள் 120-இல் 81, அதாவது 67 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பிரிட்டனில் 2024-இல் இரு பெரிய கட்சிகளின் வாக்கு அதைவிடக் குறைந்து 57 விழுக்காடு ஆனபோதும், 650-இல் 532 இடங்கள், சுமார் 82 விழுக்காடு, அவர்களிடமே இருந்தன. இந்த இரண்டு ஜோடி எண்களும் ஒரே வாக்கியத்தில் நிற்கவேண்டும். இதைவிடக் கூர்மையான சான்று ஒரே கட்சியின் கணக்கில் இருக்கிறது. நியூசிலாந்தின் அலையன்ஸ் கட்சி 1993-இல் 18 விழுக்காடு வாக்கு வாங்கி இரண்டே இடங்கள் பெற்றது. 1996-இல் அதன் வாக்கு 10 விழுக்காடாகச் சரிந்தது, இடங்களோ 13 ஆக உயர்ந்தன. வாக்கு குறைந்து இடம் கூடியதற்கு மக்கள் மனமாற்றத்தைக் காரணம் சொல்ல முடியாது. மாறியது விதி.

இதே பத்தியில் காரணத்தின் திசையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். அலையன்ஸ் 1991-இல் உருவானது, நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 1993-இல். இரண்டும் புதிய விதியின் கீழ் நடந்த முதல் தேர்தலுக்கு முந்தையவை. 1984-க்குப் பிறகு இரு பெரிய கட்சிகளும் மாறி மாறிச் செய்த பொருளாதாரச் சீர்திருத்தங்கள் மீதிருந்த கசப்பு, அந்தக் கட்சிகளை உடைத்ததற்கும் விதியை மாற்ற வாக்களிக்கச் செய்ததற்கும் பொதுவான காரணம். ‘விதி மாறியது, கட்சிகள் பிறந்தன’ என்று எழுதினால் ஆண்டுகளே உங்களை மறுத்துவிடும்.

மூன்றாவது பத்தி உங்கள் வாதத்துக்கு எதிரான சான்றுக்கு. இங்கே சற்று நின்று பேசவேண்டும், ஏனென்றால் மாணவர்கள் இதை முடிவுரையில் ஒரு வரியாகப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். 2015 பிரிட்டன் தேர்தலை எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறக் கோரிய யுகிப் கட்சிக்கு 12.6 விழுக்காடு வாக்கு, ஒரே ஓர் இடம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு நாடு முழுதுமான கணக்கில் 4.7 விழுக்காடு வாக்கு, 56 இடங்கள். ஒரே நாள், ஒரே விதி. பழைய விதி சிறு கட்சிகளை நசுக்குகிறது என்று மட்டும் நீங்கள் எழுதியிருந்தால் இந்த 56 இடங்கள் கட்டுரையைக் கவிழ்த்துவிடும். விளக்கம் வாக்கு விழுந்த இடத்தில் இருக்கிறது. யுகிப் வாக்கு நாடெங்கும் பரவலாகக் கிடந்தது, ஒன்றைத் தவிர எந்தத் தொகுதியிலும் முதலிடத்துக்குப் போதவில்லை. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் வாக்கு முழுவதும் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் குவிந்திருந்தது, அங்கே பாதி வாக்கு அதற்கே. தொகுதி விதி தண்டிப்பது சிறிய கட்சியை அல்ல, சிதறிய வாக்கை. கனடாவிலும் இந்தியாவிலும் இதே விதியின் கீழ் பல கட்சிகள் நிலைப்பதற்கும் பெரும்பகுதி விளக்கம் இதுதான்.

இதைக் கண்டுபிடித்த பிறகு முன்னுரைக்குத் திரும்பிப் போய் மைய வாதத்தைத் திருத்துங்கள்: ‘...தொகுதி விதியின் கீழ், ஓரிடத்தில் குவியாத சிறு கட்சி வாக்குகள் இடங்களாக மாறுவதில்லை’ என்று ஒரு நிபந்தனை சேரும். இப்போது அந்த விதிவிலக்கு உங்களுக்கு எதிராக நிற்காது, உங்கள் வாதத்துக்குள்ளேயே விளக்கம் பெற்றுவிடும். மைய வாதத்தைக் கடைசியாக ஒருமுறை திருத்தி எழுதவேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். அளவைப் பொறுத்தவரை, முன்னுரைக்கு 150 சொற்கள், நாடுகளைத் தேர்ந்த காரணத்துக்கு 200, மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 1000, முடிவுரைக்கு 150 போதும். உங்கள் பழைய படியில் இருக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாறு முழுவதும் போகட்டும். அதில் எந்த வரியும் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

இனி அந்தத் தயார் கட்டுரை. விற்பவர்கள் ஒரே சரக்கைத் தலைப்பு மாற்றிப் பலருக்குக் கொடுக்கிறார்கள். அடையாளம் காண்பது எளிது. விழுக்காடு இருக்கும், ஆண்டு இருக்காது. வாக்கு விழுக்காடும் இட விழுக்காடும் குழம்பிக் கிடக்கும், நீங்கள் மேலே பார்த்ததுபோல இந்தத் தலைப்பில் அந்தக் குழப்பம் ஒன்றே வாதத்தைக் கொன்றுவிடும். தொகுதி விதி இரு கட்சி முறைக்கு இட்டுச்செல்லும் என்று சொன்ன பிரெஞ்சு அறிஞர் துவெர்ஜேயின் பெயர் முதல் பத்தியில் வரும், அவர் சொன்னது எந்த எண்ணோடும் உரசிப் பார்க்கப்பட்டிருக்காது. வாதத்துக்கு ஒத்துவரும் நாடுகள் மட்டுமே இருக்கும், 2015 போன்ற தேர்தல் கண்ணில் படாது. நேர்முகத்தில் ‘ஏன் இந்த இரு நாடுகள்?’ என்று கேட்டால் வாங்கியவரிடம் பதில் இருக்காது. ‘மதிப்பெண் உறுதி’ என்று சொல்பவர் அந்த அறைக்கு உங்களோடு வரமாட்டார். பிறர் எழுதியதைத் தன் பெயரில் கொடுத்தது தெரிந்தால் கட்டுரை மட்டுமல்ல, தேர்வே ரத்தாகலாம். இத்தனை மேற்கோள் வேண்டும், இத்தனை பக்கம் வேண்டும் என்று எண்ணிப் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம்தான் இந்த வியாபாரத்துக்குத் தீனி போடுகிறது. எண்ணிக்கையை விற்பது சுலபம்.

எண்களை என்னிடமிருந்தும் அப்படியே எடுக்காதீர்கள். நியூசிலாந்துக்கு அந்நாட்டுத் தேர்தல் ஆணையத்தின் முடிவுகள், பிரிட்டனுக்கு மக்களவை நூலகம் வெளியிடும் தேர்தல் தொகுப்பு, இரண்டும் இலவசமாகவே கிடைக்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் நான்கு கட்டங்கள் போடுங்கள்: ஆண்டு, இரு பெரிய கட்சிகளின் வாக்கு, இடம், மொத்த இடங்கள். நான்கு தேர்தல்கள், பதினாறு கட்டங்கள். அவற்றை நிரப்பிய பிறகு இரண்டாவது பத்தியை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். முன்னுரையை அதற்குப் பிறகு பார்ப்போம்.