கேன் தண்ணீர்ச் செலவை அடுப்படியிலேயே குறைக்கலாம்

கேள்வி: சென்னையில் 24 வீடுகள் உள்ள குடியிருப்பில் நாங்கள் நான்கு பேர். லாரித் தண்ணீர்ச் செலவை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். அதுபோக மாதம் 25 கேன், ஒன்று 40 ரூபாய். சமையலை மாற்றினால் செலவு குறையுமா? பேப்பர் தட்டுக்கு மாறலாமா?

பதில்: முதலில் தட்டு விஷயம். 2 ரூபாய்த் தட்டு என்றாலும் நான்கு பேருக்கு மூன்று வேளை, மாதம் 720 ரூபாய். தட்டு, பாத்திரம் கழுவுவதில் தினம் 40 லிட்டர் மிச்சம் பிடித்தாலும், லாரித் தண்ணீர் லிட்டர் 30 காசு என்று வைத்தால் மாதம் 360 ரூபாய்தான். அதுவும் 24 வீட்டுக்கும் பிரிந்துபோய் உங்கள் கைக்கு வருவது 15 ரூபாய். வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது. வேண்டாம்.

கேன் அப்படியில்லை. லிட்டர் 2 ரூபாய், மிச்சம் முழுவதும் உங்களுக்கே. சாதத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு டம்ளர் அரிசியை வடித்தால் இரண்டு லிட்டர் போகும், பாதி கஞ்சியாக வெளியேறும். குக்கரில் பச்சரிசிக்கு இரண்டு பங்கு, புழுங்கலுக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும். அரை மணி ஊறவைத்தால் இன்னும் நன்றாக வேகும். அரிசி கழுவ மூன்று லிட்டர் ஆகிறதென்றால், சின்னப் பாத்திரத்தில் இரண்டே முறை, மொத்தம் ஒன்றரை லிட்டரில் முடியுங்கள். முதல் கழுநீர் செடிக்கு. இரண்டாவதில் அரை லிட்டர் எடுத்து அதிலேயே புளியை ஊறவைத்துக் குழம்பு கூட்டுங்கள், நம் பாட்டிமார் செய்த வழிதான்.

அப்புறம், குக்கரின் அடியிலும் இட்லிப் பானையிலும் கேன் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? அங்கே ஆவி மட்டும்தான் உணவைத் தொடுகிறது, லாரித் தண்ணீர் போதும். கொதித்துத் தட்டைத் தொடாத அளவுக்கு ஊற்றுங்கள். வெள்ளையாக உப்பு படியும், சக்கை எடுத்த புளியைக் கொஞ்சம் போட்டால் அவ்வளவாகப் படியாது.

ஆனால் பருப்பில் இதைச் செய்யாதீர்கள். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது. நான்கு விசில் ஏழாகும், தண்ணீரில் மிச்சம் பிடித்தது கேஸில் போய்விடும். பருப்புக்குக் கேன் தண்ணீரே சரி, அரிசிக்கு மேல் அடுக்கில் ஒன்றாக வையுங்கள்.

சரி, கணக்கு: வடிக்காததில் ஒரு லிட்டர், கழுவுவதில் ஒன்றரை, குழம்பில் அரை, ஆவிக்கு அரை. தினம் மூன்றரை லிட்டர், மாதம் 105 லிட்டர். 20 லிட்டர் கேனில் ஐந்து குறையும், 200 ரூபாய். ஒரு மாதம் கழித்துக் காலி கேன்களை எண்ணிப் பாருங்கள். 20க்கு இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் அரிசி கழுவும் இடத்தில்தான் இன்னும் போகிறது.