சாரின் முகமும் வராத மார்க்கும்

கேள்வி: தேர்வு முடிவு வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. கணக்கில் ஒரு பத்து மார்க் கேள்வியைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ஃபெயில் ஆனால் என் வாழ்க்கையே முடிந்தது. நேற்று கணக்கு சார் எதிரில் வந்தார், சிரிக்கக்கூட இல்லை. அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் கேட்டால் "எல்லாம் நல்லா வரும்" என்கிறார், ஆனால் உள்ளுக்குள் ஏமாந்துபோயிருக்கிறார். தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவர்

பதில்: விடைத்தாளை நீங்களே திருத்தி, ரிசல்ட்டை நீங்களே வெளியிட்டு, தண்டனையையும் கொடுத்து முடித்துவிட்டீர்கள். திருத்த வேண்டியவர்களுக்கு மட்டும் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது!

உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிகிற உண்மைத் தகவல் ஒன்றே ஒன்று: பத்து மார்க் போயிருக்கிறது. அதையும் நீங்கள் சொல்லித்தான் நம்புகிறேன். வழிமுறை பாதி சரியாக இருந்து, அதற்கு மார்க் விழுந்திருக்கவும் கூடும். மீதி அத்தனையும் நீங்கள் சேர்த்தது. அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஒரு சறுக்கலிலிருந்து நேராகப் பேரழிவுக்குத் தாவுவது. இன்னொன்று, அடுத்தவர் மனதில் இருப்பதைப் படித்துவிட்டதாக நம்புவது. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வு உள்ளவர்களின் பேச்சைக் கவனித்து இப்படிப்பட்ட சிந்தனைப் பிழைகளை வகைப்படுத்தத் தொடங்கினார். ஆகவே இது உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

முதலில் அந்தத் தாவலைப் பார்ப்போம். "பத்து மார்க் போச்சு" என்பதற்கும் "வாழ்க்கை முடிந்தது" என்பதற்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன? நீங்கள் ஒன்றைக்கூட எழுதவில்லை. பயம் எப்போதும் கடைசிப் படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் உள்ளவற்றை எண்ண விடாது. ஒரு தாள் எடுத்து "ஃபெயில் ஆனால் அப்புறம் என்ன? அதற்கப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு எழுதுங்கள். முதல் படி, ஃபெயில் ஆவது. அடுத்தது, மறுதேர்வு எழுதியும் தேறாமல் போவது. அப்புறம், வேறு எந்தப் படிப்புக்கும் தொழிலுக்கும் வழியே இல்லாமல் போவது.

இப்போது உங்கள் நிலையில் 100 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயத்துக்குத் தாராளமாகவே இடம் கொடுத்து, 40 பேர் ஃபெயில் என்று போடுவோம். அந்த 40 பேரில் பத்துக்கு மூன்று பேர் மறுதேர்விலும் தேறவில்லை என்றால் 12 பேர். அந்த 12 பேரில் ஐந்தில் ஒருவருக்கு வேறு வழியே திறக்கவில்லை என்றால் இரண்டு மூன்று பேர். நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று நீங்கள் எழுதியது, உங்கள் பயத்தின் கணக்கிலேயே நூற்றுக்கு இரண்டு மூன்றாகிவிட்டது. அந்த இரண்டு மூன்று பேருக்கும்கூட "முடிந்தது" என்ற சொல் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

இந்த எண்கள் நான் சும்மா போட்டவை. உங்கள் எண்களை நீங்கள் போடுங்கள். ஆனால் நடு இரவில் போடாதீர்கள்; தூக்கம் கெட்ட மனம் எல்லாப் படியிலும் 90 என்றுதான் போடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் படியில் உள்ள 40 சின்ன எண் இல்லை. ஃபெயில் ஆவோமோ என்று பயப்படுவதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன், அது நடக்கக்கூடியதுதான். மறுகூட்டலுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், மறுதேர்வு எப்போது என்று விசாரித்து ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. கவலையில் உருப்படியான பகுதி அதோடு தீர்ந்துவிடும்.

இனி சார் விஷயம். அந்த இடத்தில் ஒரு கேமரா இருந்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும்? ஒரு மனிதர் சிரிக்காமல் நடந்து போனார், அவ்வளவுதான். "தெரிந்திருக்கிறது" என்பது எந்தக் கேமராவிலும் விழாது. அவருக்குத் தலைவலியாக இருக்கலாம், உங்களைக் கவனிக்காமலே போயிருக்கலாம். உங்கள் விடைத்தாளை அவர் பார்த்தாரா என்பதே உங்களுக்குத் தெரியாது. இத்தனை விளக்கங்களில் உங்களைப் பற்றியது எதுவோ அதை மட்டும் பொறுக்கி எடுத்தீர்கள். காரணம் இருக்கிறது: மனதில் ஏற்கனவே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, அதற்குச் சாட்சி தேவைப்பட்டது. பேரழிவு பயம் முகங்களில் சாட்சி தேடும். அங்கே "படித்த" சாட்சி அந்தப் பயத்தை இன்னும் கெட்டியாக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்வதால்தான் தூக்கம் போகிறது.

அம்மா விஷயத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. அவர் பேசாமல் இருந்திருந்தால் "கோபம்" என்றிருப்பீர்கள். "நல்லா வரும்" என்றார், "மறைக்கிறார்" என்கிறீர்கள். எந்தப் பதில் வந்திருந்தால் "சரி, நான் நினைத்தது தப்பு" என்று ஒப்புக்கொண்டிருப்பீர்கள்? யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு பதிலே இல்லையென்றால் அம்மாவின் மனதை நீங்கள் படிக்கவில்லை, உங்கள் மனதையே அவர் முகத்தில் ஒட்டி வைத்துப் படிக்கிறீர்கள். மனதைப் படிக்கும் பிழையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

"மோசமானதையே நினைத்து வைத்தால் அடி தாங்கலாமே" என்று கேட்பீர்கள். கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை கேட் ஸ்வீனி என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். காத்திருப்பின் தவிப்பைக் குறைக்க அவர்கள் கையாண்ட உத்திகள் பெரிதாகப் பலன் தரவில்லை. ஆனால் கவலைப்பட்டுக் காத்திருந்தவர்கள் கெட்ட செய்தி வந்தபோது ஓரளவு நன்றாகவே சமாளித்தார்கள். அதனால் உங்களைக் கவலையே படாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை, சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். தாளில் எழுதிய படிகளோடு கவலைப்படுங்கள், படிகளை விழுங்கிவிட்டுக் கவலைப்படாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் தனியாகக் கேட்கிறேன். "அப்புறம்?" என்று எழுதிக்கொண்டே போகும்போது கடைசிப் படியில் "நான் இருந்து என்ன பயன்" என்பது போல ஏதாவது வந்தால், தாளை மூடிவிட்டு அன்றைக்கே நம்பகமான ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அது கேள்வி-பதில் பக்கத்தில் தீர்க்கிற விஷயம் இல்லை.

மற்றபடி, அம்மாவிடம் தினமும் "பாஸ் ஆவேனாம்மா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அவருக்கும் அது தெரியாது. அவர் தருகிற ஆறுதல் அரை மணி நேரம்தான் நிற்கும், அப்புறம் மறுபடியும் கேட்கத் தோன்றும். அதற்குப் பதிலாக, அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்: "அம்மா, என்மேல வருத்தமா இருக்கியா?" ஒரே ஒரு தடவை. என்ன சொல்கிறாரோ அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். "ஆமாம், கொஞ்சம் வருத்தம்தான், ராத்திரியெல்லாம் தூங்காம உட்கார்ந்திருக்கியே" என்று அவர் சொன்னாலும் சொல்லலாம்.