உள் அறிக்கைகளுக்கான எழுத்து விதிமுறை: முதலில் எதைப் பூட்டுவது?

கேள்வி: எங்க கம்பெனியில் லேப், சூளை, குவாரி மூன்று பிரிவும் மூன்று விதமாக ரிப்போர்ட் எழுதுகிறார்கள். அலகு, எண், தலைப்பு, சொல் எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டைல் கைடு எழுதச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். எங்கிருந்து தொடங்குவது?

நான் சேலத்தில், சுண்ணாம்புக் கரடு பக்கம் மேக்னசைட் சுடும் ஒரு ஆலையின் லேப்பில் வேலை பார்த்தவன். என்னைக் கேட்டால், காற்புள்ளியும் எழுத்துருவும் அப்புறம் ஆகட்டும். முதல் பக்கத்தில் எழுத வேண்டியது, சதவீதம் எதன் சதவீதம் என்பதைத்தான்.

எங்களிடம் ஒரே குவியலுக்கு லேப் ரிப்போர்ட் MgO 45.0% என்றது, சூளை ரிப்போர்ட் 88.2% என்றது. புதிதாக வந்த மேனேஜர் இரண்டும் வேறு வேறு கல் என்று நினைத்து, குவாரி மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காய்ச்சிவிட்டார். உண்மையில் இரண்டு எண்ணும் சரி. மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். சுடும்போது அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும். அந்தக் கல்லின் எரிப்பு இழப்பு 49.0%. அதாவது 100 கிலோ கல் சுட்டால் 51 கிலோ மிஞ்சும். அதில் MgO அதே 45 கிலோ.

```
45.0 / (100 - 49.0) × 100 = 88.2
```

லேப் கல்லாக இருந்த நிலையில் சொன்னது, சூளை சுட்ட நிலையில் சொன்னது. இரண்டு ரிப்போர்ட்டிலும் அதை யாரும் எழுதவில்லை. ஆகவே கைடில் முதல் விதி: பகுப்பாய்வு அட்டவணையில் ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் பொருள், அலகு, அடிப்படை மூன்றும் இருக்க வேண்டும். “MgO, நிறை %, சுட்ட நிலை” என்பதுபோல. அடிக்குறிப்பில் போட்டால் போதாது. அட்டவணையை வெட்டி மெயிலில் ஒட்டும்போது அடிக்குறிப்புதான் முதலில் காணாமல் போகும். கல் நிலை என்றால் 105–110 °C-இல் உலர்த்தியதா, வந்தபடியே ஈரத்தோடா என்பதையும் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பழைய ரிப்போர்ட்டில் எந்த அடிப்படை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆக்சைடுகளை மட்டும் கூட்டுங்கள். மேலே சொன்ன கல்லுக்கு 51-ஐ ஒட்டி வந்தால் கல் நிலை, 100-ஐ ஒட்டி வந்தால் சுட்ட நிலை. எரிப்பு இழப்பையும் சேர்த்துக் கூட்டி 149 வந்தால், யாரோ இரண்டு நிலையையும் ஒரே அட்டவணையில் கலந்திருக்கிறார்கள். இந்தக் கூட்டல் வரியை டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிடுங்கள்.

எண்களில் சண்டை வருவது முழுமையாக்கலில். 48.85-ஐ ஒரு தசமத்துக்குக் கொண்டுவந்தால் என்ன? இந்தியத் தரமான IS 2 முறைப்படி, சரியாக 5-இல் நின்றால் இரட்டைப்படை இலக்கத்துக்குப் போக வேண்டும்: 48.8. எக்செல் `ROUND` 48.9 தரும். கைடில் ஏதாவது ஒன்றை எழுதி வையுங்கள். வாங்குபவர் IS முறையில் சோதிப்பார் என்றால் அதையே எடுப்பது நல்லது. இன்னொன்று, முழுமையாக்குவது கடைசியில் ஒரே ஒரு தடவை. 48.846-ஐ லேப் 48.85 ஆக்கி, சூளைக்காரர் அதை 48.9 ஆக்கினால், நேராகச் செய்தால் வரும் 48.8 எங்கே போயிற்று?

அலகில், செங்கல் நசுக்கு வலிமையை தளத்தில் எல்லோரும் “நானூறு கிலோ” என்பார்கள். அது 400 kg/cm², ஏறக்குறைய 39 N/mm². அறிக்கையில் N/mm² வரட்டும். ஆனால் மெஷின் டயல் kg-இல் இருந்தால் பதிவேட்டில் டயல் காட்டியதையே எழுத வேண்டும். மாற்றுவது அறிக்கை எழுதுபவர் வேலை, மெஷினில் நிற்பவர் வேலை அல்ல. டன்னுக்கு `t` போதும். `MT` எல்லா லாரி ரசீதிலும் இருக்கிறது, அதோடு நான் சண்டை போடமாட்டேன், அறிக்கையில் மட்டும் வேண்டாம். உரையில் 12,50,000 என்று லட்ச முறையில் எழுதலாம். எக்செல்லுக்குப் போகும் கோப்பில் காற்புள்ளியே கூடாது.

சொற்களில், “சுட்ட மேக்னசைட்” என்று மொட்டையாக எழுதுவதைத் தடை செய்யுங்கள். குறைந்த வெப்பத்தில் சுட்ட லைட் கால்சின்ட் சரக்கு ஈரத்தோடு வினை புரியும். மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்ட டி.பி.எம்., அதாவது டெட் பர்ன்ட் மேக்னசைட், எளிதில் வினை புரியாது. குடோனில் இரண்டையும் வைக்கும் விதமே வேறு.

தலைப்புகளுக்கு நான் அதிகம் மெனக்கெடவில்லை: முடிவு, மாதிரி எடுத்த விதம், அட்டவணை, குறிப்பு, இதே வரிசையில். எல்லாம் சேர்த்து இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். பழைய ரிப்போர்ட்டைத் திருத்தி எழுத உட்காராதீர்கள். யாராவது அதை எடுத்துப் பயன்படுத்தும்போது மேலே அடிப்படையை மட்டும் பேனாவால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டால் போதும்.