கன்னத்துச் சிவப்பும் குங்குமச் சிவப்பும்: போட்டோ எடிட்டிங் கேள்வி பதில்

இளம்பிள்ளை, கல்யாண போட்டோகிராபர்: அக்கா, ஏற்காடு பகோடா பாயிண்ட்ல காலை ஏழு மணிக்கு அவுட்டோர். குளிர்காத்துல பொண்ணுக்கு ரெண்டு கன்னமும் மூக்கும் சிவந்துபோச்சு. சிவப்பைக் குறைச்சா முகம் சாம்பல் பூசின மாதிரி வருது. படம் அனுப்பியிருக்கேன். எங்க தப்பு?

படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து பார்த்தேன் தம்பி. அந்தக் கன்னத்தில் சிவப்பு கூடவே இல்லை. பச்சைதான் குறைந்திருக்கிறது. தோலுக்கு அடியில் ரத்தம் பெருகினால் அது பச்சை ஒளியை விழுங்கிவிடும், சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். கண்ணுக்கு அது சிவந்தது போலத் தெரிகிறது. நீங்கள் சரியாக இருந்த சிவப்பைப் பிடித்து இறக்கியிருக்கிறீர்கள். பச்சைக் குறை அப்படியே இருக்க, சிவப்பும் போய்விட்டது. சாம்பல் வந்தது அதனால்தான்.

உங்கள் படத்திலேயே அளந்து காட்டுகிறேன். ஐட்ராப்பரை 5 by 5 Average-க்கு மாற்றிக்கொண்டேன், இல்லாவிட்டால் ஒரே ஒரு புள்ளியின் அளவு வந்து ஏமாற்றும். சிவக்காத தாடை ஓரத்தில் சிவப்பு 173, பச்சை 121, நீலம் 93. கன்னத்தில் 171, 97, 82. முதல் எண் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பாருங்கள். பச்சையில் மட்டும் 24 பள்ளம், நீலத்தில் 11.

அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு Curves லேயர் போதும். Green கோட்டில் ஒரு புள்ளி வைத்து Input 97, Output 113 என்று தட்டினேன். மேலே 200-இல் இன்னொரு புள்ளி வைத்து அதை நகராமல் கட்டிப்போட்டேன். அது இல்லாவிட்டால் கன்னத்துப் பளபளப்பு பச்சை அடிக்கும். Blue கோட்டில் Input 82, Output 89. அப்புறம் மாஸ்க்கை Ctrl+I போட்டு முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, ஓரம் மென்மையான வெள்ளை பிரஷ்ஷில் Flow 10 வைத்து, சிவந்த இடத்தில் மட்டும் மெல்ல மெல்லத் தடவினேன். உதட்டுக் கோட்டுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். உதட்டில் பட்டால் அது பழுப்பாகிவிடும்.

கடைசியில் கன்னம் 171, 113, 89 என்று வந்தது. 121 வரை ஏற்றவில்லை, வேண்டுமென்றே மூன்றில் ஒரு பங்கை விட்டுவைத்தேன். ஏற்காட்டுக் காலைக் குளிரில் நிற்கிற யாருக்கும் கன்னத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் தெரியும். தாடையும் கன்னமும் ஒரே எண்ணுக்கு வந்தால் முகம் களிமண் பொம்மையாகிவிடும். முடித்ததும் படத்தைச் சிறிதாக்கிக் கழுத்தோடு சேர்த்துப் பாருங்கள். கன்னம் மஞ்சள் பூசிக் குளித்தது போலத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது. லேயரின் Opacity-யை 70-க்கு இறக்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, ஆல்பம் டிசைனர்: இவ்வளவு எதுக்குங்க? லைட்ரூம்ல Red ஸ்லைடர்ல Saturation மைனஸ் 30. ரெண்டு செகண்டு. பத்து வருஷமா இப்படித்தான் பண்றேன்.

வெளுத்த நிறமும் லேசான சிவப்பும் உள்ள முகத்தில் அது ஒப்பேறும், மறுக்கவில்லை. ஆனால் நம் கல்யாணப் படத்தில் சிவப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நெற்றிக் குங்குமம், அரக்குப் பட்டு, மருதாணி, உதடு, மாலையில் ரோஜா. அந்த ஸ்லைடர் இவை அத்தனையையும் சேர்த்து இழுக்கும். குங்குமம் செங்கல் பொடியாகிவிடும். புடவையை ஆசைப்பட்டு நெய்யச் சொல்லி வாங்கிய குடும்பம் முதலில் அதைத்தான் கேட்கும்.

கொண்டலாம்பட்டி, கல்லூரி மாணவி: அக்கா, எனக்கு நிஜமாவே முகம் சிவந்து எரியுது. கடையில ஒரு கிரீம் கொடுத்தாங்க. போட்டா குறையுது, விட்டா முன்னவிட அதிகமாகுது. என்ன பண்ணலாம்?

நான் படத்துக்கு மட்டும்தான் பதில் சொல்ல முடியும்மா. ஆனால் இதை நான் விடமாட்டேன்: ஸ்டீராய்டு கலந்த கிரீமை முகத்தில் தொடர்ந்து போட்டால் சரியாக இப்படித்தான் நடக்கும். அந்த டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. நீங்களாக இன்னொரு கிரீமுக்கு மாற வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை, ஆல்பம் டிசைனர்: மாஸ்க்ல முகத்தோலை மட்டும் எடுத்துக்கிட்டா புடவை தப்பிச்சிடுமே. அப்ப என் வழி சரிதானே?

புடவை தப்பிக்கும், சரி. முகம் தப்பிக்காது. மாஸ்க் இடத்தைத்தான் சுருக்குகிறது. Saturation குறைப்பது அங்கேயும் சிவப்பைத்தான் இறக்குகிறது. அதே மாஸ்க்குக்குள் Saturation-ஐத் தொடாமல் Point Color-இல் கன்னத்து நிறத்தைத் தொட்டெடுத்து, Hue-வைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளி, Luminance-ஐத் துளி ஏற்றிப் பாருங்கள். கர்வ்ஸ் போட்டதற்கு மிக அருகில் வரும். ஆயிரம் படம் கையில் இருக்கும்போது நானும் இந்த வழியில்தான் போகிறேன்.

அம்மாப்பேட்டை, ஸ்டுடியோ: எங்க அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணப் படம். கன்னத்துல சிவப்பு. நீங்க சொன்ன கர்வ்ஸ் போட்டேன், பச்சையா ஒரு திட்டு வருது.

அது சிவப்புதானா என்று முதலில் பாருங்கள். Channels-இல் Red-ஐ மட்டும் சொடுக்கினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். திட்டு அதில் ஏறக்குறைய மறைந்துவிட்டால் ரத்தம். அதிலும் திட்டாகவே நின்றால் பெரும்பாலும் மங்கு. அங்கே மூன்று நிறமும் சேர்ந்து இறங்கியிருக்கும், அதனால் பச்சையை மட்டும் ஏற்றினால் பச்சைத் திட்டுதான் வரும். மங்குக்கு RGB கோட்டையே மென்மையாக உயர்த்த வேண்டும். இரண்டும் கலந்த முகங்களும் உண்டு. முகம் நாள்பட்டுச் சிவக்கிற ரோசேசியா என்ற தோல் நோய், மாநிற, கருநிறத் தோலில் பளிச்சென்று சிவக்காமல் செம்புப் பழுப்பாகவோ ஊதாவாகவோ நிற்கும். அவர்களுக்கு இரண்டு லேயர், இரண்டு மாஸ்க்.

ஃபேர்லேண்ட்ஸ்: எந்த ஸ்லைடர், எவ்வளவு? நம்பர் மட்டும் சொல்லுங்க.

முதல் பதிலில் இருக்கிறது. ஆனால் 113 அந்தப் பெண்ணின் கன்னத்துக்கான எண். உங்கள் படத்தில் தாடையை அளந்துதான் உங்கள் எண் கிடைக்கும்.

ஏற்காடு, எஸ்டேட் ஊழியர்: சில்வர் ஓக் நிழல்ல எடுத்தா எல்லார் முகமும் ஒரு மாதிரி ரோஸா வருது. எல்லாருக்குமா குளிருது?

குளிர் இல்லைங்க, ஒயிட் பேலன்ஸ். இலைகளுக்குள் வடிந்து வரும் ஒளி பச்சை. கேமரா ஆட்டோவில் இருந்தால் அதை ஈடுகட்ட மெஜந்தாவைச் சேர்க்கும். நிழலில் நிற்பவருக்கு அது சரியாக இருக்கலாம். முகத்தில் வெயில் விழுகிற பக்கம் ரோஸாகிவிடும். கன்னத்தைத் தொடும் முன் இதைச் சரிசெய்யாவிட்டால் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்ப்பீர்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் ஐட்ராப்பரை வைத்துச் சொடுக்காதீர்கள். அது சந்தன நிறம், படம் முழுக்க நீலமாகிவிடும். ஒரு கிரே கார்டு பையில் இருக்கட்டும்.

அஸ்தம்பட்டி, பள்ளி ஆசிரியை: எனக்குப் பத்து வருஷமா ரோசேசியா. தம்பி கல்யாண ஆல்பத்தில் என் முகத்தை யாரோ முழுக்கத் துடைத்துவிட்டார்கள். அது நான் இல்லை. ஏன் எடுக்க வேண்டும்?

உங்களைக் கேட்காமல் எடுத்தது தவறு டீச்சர். குளிரில் வந்த சிவப்பு அரை மணியில் போய்விடும், அதைத் தணித்தால் அவருடைய வழக்கமான முகம் கிடைக்கிறது. உங்களுக்கு அதுவே வழக்கமான முகம். நான் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். பெரும்பாலோர் "கொஞ்சம் குறைங்க" என்பார்கள். அப்போது பாதியளவு மட்டும் தணிப்பேன். மூக்கோரத்து நுண்ணிய ரத்தக்கோடுகளையும் தோலின் மேடுபள்ளத்தையும் தொடமாட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை, ஆல்பம் டிசைனர்: கேட்டுக்கிட்டு இருந்தா ஆல்பம் எப்ப முடியறது? காசு கொடுக்கிறது மாப்பிள்ளை வீடு. அவங்க "அழகா வரணும்"னு சொல்லிட்டாங்க. குரூப் போட்டோல 40 பேர், ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கணுமா?

40 பேரைக் கேட்க வேண்டாம். குரூப்பில் யாரையும் தொடாதீர்கள், அவ்வளவுதான். தனிப்படமும் முன்பக்கமும் வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி, பள்ளி ஆசிரியை: பாதி என்பதும் நீங்கள் வைத்த அளவுதானே?

ஆமாம், நான் வைத்த அளவுதான். கேட்க முடியாமல் போகும்போது, அவர் வீட்டில் எடுத்த சாதாரணப் படம் ஒன்று கிடைத்தால் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். அதுவும் கிடைக்காதபோது என் கை எங்கே நிற்க வேண்டும் என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. உங்கள் கேள்வி நியாயமானது.

ஐந்து ரோடு: காது சிவப்பா இருக்கு, அதுக்கும் இதேதானா?

பின்னால் வெயில் இருந்தால் காதுமடல் வழியாக ஒளி ஊடுருவி வருகிறது. விட்டுவிடுங்கள்.

அடிவாரம், புது போட்டோகிராபர்: சிவப்பைக் குறைச்சா முகம் மங்கலாகுது, ஏன்?

தம்பி, முதல் பதில். பச்சையை ஏற்றுங்கள், சிவப்பை இறக்காதீர்கள்.

இளம்பிள்ளை, கல்யாண போட்டோகிராபர்: வந்துருச்சு அக்கா! குங்குமம் அப்படியே இருக்கு. இதே லேயரை மீதி 60 படத்துலயும் இழுத்துப் போட்டுடவா?

Curves-ஐ இழுத்துப் போடலாம், மாஸ்க்கை இழுக்காதீர்கள். தலை திரும்பிய படத்தில் பழைய மாஸ்க் உதட்டிலோ குங்குமத்திலோ போய் உட்காரும். மாஸ்க்கை ஒவ்வொன்றிலும் புதிதாகத் தடவுங்கள். ஏழு மணிப் படத்துக்கு வைத்த அளவு ஒன்பது மணிப் படத்துக்கு ஆகாது. வெயில் ஏறியதும் கன்னத்துச் சிவப்பு தானாகவே அடங்கியிருக்கும். நேரத்தைப் பார்த்துப் படங்களை மூன்று நான்கு கட்டாகப் பிரித்து, கட்டுக்கு ஒரு படத்தில் தாடையை மறுபடி அளந்துவிடுங்கள்.