மூன்று திட்டம், ஒரு பக்கம்

"கிளிநொச்சியில எங்கட சங்கத்துக்கு மூன்று திட்டம். 14% கழிவு வீதத்தில தேறிய தற்போதைய பெறுமதி: அரிசி ஆலை (10 வருடம்) 14.8 இலட்சம், ஐஸ் ஆலை (5 வருடம்) 12.1, நெல் களஞ்சியம் −0.9. முதலீடு முறையே 100, 60, 40. முகாமையாளர்களுக்கு எப்பிடி எழுதுறது?"

களஞ்சியத்தின்ர பெறுமதி பூச்சியத்துக்குக் கீழ, அதால அதுக்கு ஒரு வரி போதும்.

மற்ற இரண்டையும் அப்படியே ஒப்பிடாதேங்கோ, ஆயுள் வேற. ஒவ்வொரு பெறுமதியையும் அதன்ர ஆயுளுக்குரிய 14% ஆண்டுத்தொகைக் காரணியால (5.216, 3.433) வருடத்துக்குப் பிரிச்சால் அரிசி ஆலை 2.8, ஐஸ் 3.5 இலட்சம். ஐஸ்தான் முந்துது. ஆனால் 5 வருடத்தில அதே விலைக்குப் புது இயந்திரம் வாங்கலாம் எண்ட எடுகோளிலதான் அது நிக்குது. அதை முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கோ, அடிக்குறிப்பில ஒளிக்காதேங்கோ.

ஆபத்தை "அதிகம், குறைவு" எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் விளங்காது. அரிசி ஆலையின்ர வருட வரவு 22இல இருந்து 19.2 இலட்சமாகக் குறைஞ்சால் பெறுமதி பூச்சியம். இரணைமடுக் குளத்தில தண்ணி குறைஞ்சு சிறுபோகம் சுருங்கினாலே காணும். ஐஸ் ஆலை வருட வரவு 21இல இருந்து 17.5 இலட்சம் வரை குறைஞ்சாலும் தாங்கும். அங்க பார்க்கவேண்டியது மின்கட்டணம்.